காலை ஆறரை முதல் வேன் வரும் வரை: வீட்டில் பட அட்டவணை அமைக்கும் முறை

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருப்பதாக அவனுடைய நாலாவது வயதில் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசுவான். பாபநாசத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பள்ளி வேன் காலை எட்டு பத்துக்குத் தெருமுனைக்கு வரும். அந்த வேனில் அவனை அழாமல் ஏற்றுவதற்காக, அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பட அட்டைகளால் வரிசையாகக் காட்டும் பட அட்டவணையை நான் மூன்று முறை செய்தேன். முதல் இரண்டும் தோற்றன. அவற்றில் போன எட்டு மாதங்களை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முழு நாளுக்கான அட்டவணையைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. காலை நேரத்துக்கான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதலில் தொடங்க வேண்டியது அப்படிப்பட்ட ஒரு சிறு பகுதியில்தான்.

1. ஒரு வாரம் எதையும் செய்யாமல் எழுதி மட்டும் வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மூன்று பத்தியாகப் பிரித்து ஏழு நாள் எழுதுங்கள். நான் எழுதியபோதுதான் எங்கள் வீட்டின் குறை தெரிந்தது. அந்த வாரத்தில் மூன்று நாள் குளித்த பிறகு இட்லி கொடுத்திருந்தேன், நான்கு நாள் இட்லிக்குப் பிறகு குளிப்பாட்டியிருந்தேன். மோட்டார் எப்போது ஓடுகிறது, மாமனார் எப்போது குளிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்து வரிசை மாறிக்கொண்டே இருந்தது. வீட்டில் இல்லாத ஒழுங்கை அட்டையில் ஒட்டினால் மூன்றாம் நாளே அது பொய்யாகிவிடும். ஒரு முறை பொய்யான அட்டையைப் பிள்ளை மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே முதலில் பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வரிசையை முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் கழிப்பறை, பல் துலக்கல், குளியல், உடை, சாப்பாடு, ஊஞ்சல், வேன் என்று முடிவானது. நேரம் ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகலாம், வரிசை மாறக்கூடாது.

ஊஞ்சல் ஏன் அதில் இருக்கிறது என்று கேட்பீர்கள். அவனுக்கு மிகவும் பிடித்தது அது. பிடிக்காத காரியங்கள் மட்டுமே வரிசையாக நிற்கும் அட்டவணையை எந்தப் பிள்ளையும் பின்பற்றாது. ஆனால் அந்த ஊஞ்சலைப் பரிசாக நினைத்துவிடாதீர்கள். குளிக்க அடம்பிடித்தான் என்பதற்காக ஊஞ்சல் அட்டையைப் பிடுங்கினால், அட்டவணை தண்டனைக் கருவியாகிவிடும்.

2. பிள்ளைக்கு எது புரிகிறது என்று சோதித்துப் பாருங்கள்

நான் முதல் முறை தோற்றது இந்த இடத்தில். கைப்பேசியில் தேடி, அழகான கேலிச்சித்திரப் படங்களை அச்சிட்டு ஒட்டினேன். அதில் குளியலுக்கு வெள்ளைத் தொட்டியில் நுரைக்குள் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பேருந்து இருந்தது. எங்கள் வீட்டில் கொல்லையில் வாளியும் சொம்பும்தான். வருவது வெள்ளை வேன். என் மகனுக்கு அந்தப் படங்கள் எதையும் குறிக்கவில்லை.

பொதுவாகப் பொருள், புகைப்படம், கோட்டுப்படம், எழுத்து என்று நான்கு படிகள் உண்டு. உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை வயது சொல்லாது. பாயில் டம்ளர், துண்டு, சீப்பு மூன்றையும் வையுங்கள். அவற்றின் புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பெயரைச் சொல்லாமல், கையை மட்டும் நீட்டிக் கேளுங்கள். பொருள்களின் இடத்தை மாற்றி மாற்றி வைத்து, இரண்டு நாளில் பத்து முறை செய்யுங்கள். எட்டு முறையாவது சரியாக எடுத்தால் புகைப்படத்தில் தொடங்கலாம் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. இதில் ஒரு பொறி உண்டு. சில பிள்ளைகள் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மிகச் சரியாகப் பொருத்திவிடும். ஆனால் துண்டின் படம் என்றால் குளிக்கப் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனவே இரண்டாவதாக, குளிக்கும் வேளையில் துண்டுப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். கொல்லைப் பக்கம் திரும்புகிறதா, திரும்பாமல் அட்டையின் ஓரத்தைக் கடிக்கிறதா?

படம் எட்டவில்லை என்றால் பொருளில் தொடங்குங்கள். அது தாழ்வான முறை அன்று. பல் துலக்கியையே கையில் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு போய் அதையே பயன்படுத்தும். அட்டையும் செலவும் தேவையில்லை.

3. புகைப்படம் எடுக்கும்போது

படத்தில் ஒரே ஒரு பொருள் இருக்கட்டும். பின்னணியில் வெள்ளை வேட்டியை விரித்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். பிள்ளை குளிக்கும் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். கூடத்தில் மாட்டும் அட்டையில் அவனுடைய மானமும் காக்கப்பட வேண்டும்.

எதைப் படம் எடுப்பது என்பதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். எனது இரண்டாவது அட்டவணையில் குளியலுக்கு எங்கள் நீல வாளியை எடுத்திருந்தேன். மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் வாளியின் காது உடைந்துபோய், சந்தையில் பச்சை வாளி வாங்கி வந்தோம். அவன் அட்டையைப் பச்சை வாளியின் மேல் வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். பிறகு கொல்லை முழுக்க நீல வாளியைத் தேடினான். குளிக்கவே இல்லை. நான்கு நாள் இப்படி நடந்தது. அவனைப் பொறுத்தவரை அந்த அட்டையின் பொருள் குளியல் அல்ல, அந்த நீல வாளி. அதன்பிறகு நான் மாறாத பொருளை மட்டுமே எடுக்கிறேன். குளியலுக்குக் குளியலறைக் கதவு. சாப்பாட்டுக்கு இட்லியைப் படம் எடுத்தால் தோசை போடும் நாளில் சண்டை வரும் என்பதால், அவனுடைய வெறும் தட்டு. வேனுக்கு, அது வந்து நிற்கும் தெருமுனையையும் சேர்த்து, ஓட்டுநரின் முகம் தெரியாமல்.

4. செய்வதும் செலவும்

அட்டை எட்டுக்கு எட்டு சென்டிமீட்டர் இருந்தால் சின்னக் கை பிடிக்க வசதியாக இருக்கும். ஒரு ஏ4 தாளில் ஆறு படங்கள் அடங்கும். வெட்டிய பிறகு, லேமினேஷன் உறைக்குள் படங்களுக்கு இடையே இடைவெளி விட்டு அடுக்கித் தரச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் படத்தைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்டுங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் முழுத் தாளையும் லேமினேட் செய்து பிறகு வெட்டித் தருவார்கள். அப்படி வெட்டினால் ஓரம் திறந்திருக்கும், குளியலறை ஈரம் ஒரே மாதத்தில் உள்ளே ஏறி மை கலங்கும். ஐப்பசி கார்த்திகையில் அதற்கு ஒரு வாரமே போதும். நான்கு மூலைகளையும் கத்தரியால் உருட்டிவிடுங்கள். லேமினேட் செய்த மூலை கன்னத்தைக் கிழிக்கும். பளபளப்பான தாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் படமே தெரியாது, ஆகவே மங்கலான உறை கிடைத்தால் அதையே கேளுங்கள்.

ஒட்டி எடுப்பதற்கு வெல்க்ரோ பட்டை தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மிருதுவான பக்கம் எல்லா அட்டைகளிலும், சொரசொரப்பான பக்கம் பலகையில் என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். பசை தடவிய பட்டை வெயில் காலத்தில் கழன்று வரும். பட்டையைத் துணியில் தைத்து, அந்தத் துணியைப் பலகையில் ஒட்டினால் நிற்கும். வெல்க்ரோ பிரியும் சத்தத்தைச் சில பிள்ளைகளால் தாங்க முடியாது. காதைப் பொத்தினால், துணியில் வரிசையாகச் சிறு பைகள் தைத்து அட்டைகளைச் செருகி வையுங்கள்.

எனக்கு இரண்டு வண்ணத் தாள் அச்சுக்கு 40 ரூபாய், லேமினேஷனுக்கு 60, வெல்க்ரோ இரண்டு மீட்டருக்கு 50, பலகைக்காக ஒரு நீள அட்டை 60, ஆக 210 ரூபாய் ஆயிற்று. ஆயத்தமாக விற்கும் பெட்டிகளின் விலை இதைப்போலப் பல மடங்கு, அதில் இருப்பதோ வேறு யாருடைய வீட்டுப் படமோ.

பலகையை ஈரச் சுவரில் இருபக்க டேப்பால் ஒட்டாதீர்கள், விழுந்துவிடும். ஆணியில் தொங்கவிடுங்கள்; பிள்ளையின் கண் மட்டத்தில், நம் கண் மட்டத்தில் அன்று. நாங்கள் கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகும் வழியில் மாட்டினோம். மேலிருந்து கீழாக ஏழு அட்டைகள். குளியலறைக் கதவு, சாப்பிடும் இடம், திண்ணைத் தூண் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டி, அதில் அதே படத்தை ஒட்டினோம். அவன் பலகையிலிருந்து மேல் அட்டையை எடுத்து, கையில் பிடித்தபடியே நடந்து போய், அந்தந்த டப்பாவில் போட வேண்டும். கையில் அட்டை இல்லாவிட்டால் கொல்லைக்குப் போகும் இருபது அடிக்குள் அவனுக்கு எதற்காகப் போகிறோம் என்பது மறந்துவிடும். பலகை காலியாகிக்கொண்டே வருவதால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

5. கற்றுக்கொடுப்பது: வாயை மூடி, பின்னால் நின்று

அட்டையை மாட்டிவிட்டால் பிள்ளை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய பொறி. அதைப் பயன்படுத்தும் முறையைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஏழு அட்டையில் தொடங்காதீர்கள். முதல் வாரம் இரண்டே இரண்டு: முதலில் உடை, பிறகு ஊஞ்சல். அது நிலைத்தபின் வரிசையின் கடைசியிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், அப்படிச் செய்தால் முடிவில் எப்போதும் பிடித்த காரியமே வரும். நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நின்று, அவன் கையை மெல்லப் பிடித்து அட்டையை எடுக்கச் செய்யுங்கள். முன்னால் நின்றால் அவன் அட்டையைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தையும் விரலையும்தான் பார்ப்பான். நாளடைவில் நீங்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. "அட்டையைப் பார்" என்ற ஒரே சொற்றொடரை ஒரே முறை சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் கடினமாக இருந்தது. என் மாமியார் பின்னாலிருந்து, "கண்ணு, அட்டைய எடுடா, குளிக்கப் போடா, ராசால்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் உட்கார்ந்து பேசினேன். "அத்தை, நீங்க சொல்றது நின்னதும் அவனுக்கு மறந்துபோகுது. படம் அங்கேயே நிக்குது. ஒரு பத்து நாள் அந்தப் படம் மட்டும் பேசட்டும்" என்றேன். அவர் அந்தப் பத்து நாளும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

நோட்டில் ஒவ்வொரு அட்டைக்கும் தினமும் ஒரே ஓர் எழுத்து எழுதுங்கள்: கையைப் பிடித்துச் செய்தால் "கை", முழங்கையை லேசாகத் தொட்டால் "தொ", தானாகச் செய்தால் "தா". என் மகனுக்கு முதல் ஐந்து நாளும் எல்லாம் "கை". பன்னிரண்டாம் நாள் உடை அட்டைக்கு முதல் "தா" வந்தது. ஏழு அட்டையும் சேர்ந்து நிலைக்க மூன்று மாதம் ஆயிற்று. நன்றாக நடக்கிறதே, இனி எதற்கு என்று பலகையைக் கழற்றிவிடாதீர்கள். நாம் நாட்காட்டியையும் கடிகாரத்தையும் கழற்றுவதில்லை.

6. எங்கே சிக்குகிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்

எல்லா அட்டையையும் பிய்த்து எறிந்தால், படி உயரமாக இருக்கிறது அல்லது எண்ணிக்கை அதிகம் என்று பொருள். ஒரு படி இறங்கி, இரண்டு அட்டைக்குத் திரும்புங்கள். அட்டையைச் சரியாகக் கொண்டுபோய் டப்பாவில் போட்டுவிட்டு, அங்கே போய் சும்மா நின்றால், எங்கே போக வேண்டும் என்பது புரிந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. அந்த இடத்தில் அந்தக் காரியத்துக்கு மட்டும் தனியான சிறு வரிசை தேவை. பல் துலக்க என் மகனுக்கு நான்கு படங்கள் ஒட்டியிருக்கிறேன்.

மற்றதெல்லாம் ஓடி, ஒரே ஓர் அட்டையில் மட்டும் தினமும் நின்றால் குறை அட்டையில் இல்லை, அந்தக் காரியத்தில் இருக்கிறது. மார்கழியில் என் மகன் குளியல் அட்டையை எடுப்பான், கதவு வரை போவான், டப்பாவில் போடாமல் திரும்பி வருவான். நோட்டில் ஒன்பது நாள் அதே இடத்தில் நின்றது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்ததுதான் காரணம். வெந்நீர் கலந்ததும் பத்தாம் நாள் போட்டான். கழிப்பறை அட்டையில் இப்படி நின்றால் மலச்சிக்கலோ வலியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கு அட்டை மருந்தாகாது.

7. மழை விடுமுறைக்கு முன்பே மாற்றத்தைக் கற்றுக்கொடுங்கள்

நம் பக்கத்தில் அட்டவணையை உடைப்பது வடகிழக்குப் பருவமழை. ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை என்று சில நாள் விடிந்த பிறகே அறிவிப்பார். சீருடை போட்டு, இட்லி சாப்பிட்டு, ஊஞ்சலும் ஆடிவிட்டு, கையில் வேன் அட்டையுடன் நிற்கும் பிள்ளையிடம் வேன் வராது என்பதை எப்படிச் சொல்வது? முதல் ஆண்டு நான் அவன் பார்க்காதபோது அந்த அட்டையை எடுத்து ஒளித்துவிட்டேன். அவன் ஒன்றரை மணி நேரம் மழையில் தெருமுனையில் நின்று அலறினான். அடுத்த நாளிலிருந்து எல்லா அட்டைகளையும் ஒரே கையால் பற்றிக்கொண்டு விட மறுத்தான்.

மாற்றத்துக்கு என்று ஓர் அட்டை தனியாக வேண்டும். எங்களுடையது வட்டமானது, ஆரஞ்சு நிறம், வேறு எந்த அட்டையைப் போலவும் இருக்காது. அதை ஆடி, ஆவணி மாதங்களிலேயே, மழைக்கு முன்பே பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் நல்ல மாற்றங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். மாலையில் கணக்குப் பாடத்துக்கு என்று ஓர் அட்டை வைத்திருந்தால், அவன் கண்ணெதிரே, அந்த அட்டையின் மேல் ஆரஞ்சு வட்டத்தை ஒட்டி, பக்கத்தில் ஊஞ்சல் அட்டையை வையுங்கள். வட்டம் வந்தால் கெட்டது வரும் என்று பதிந்துவிட்டால், அதைப் பார்த்ததுமே அழத் தொடங்கிவிடும். பிறகு பெரிய வித்தியாசம் இல்லாத மாற்றங்கள்: தட்டுக்குப் பதில் வாழை இலை, திண்ணைக்குப் பதில் முற்றம். இவற்றில் அமைதியாக இருந்த பிறகே பிடிக்காத மாற்றத்துக்கு வர வேண்டும், அதையும் பிடித்ததோடு கலந்து.

மழை நாளில் நான் செய்வது இதுதான். முந்தைய இரவு பெருமழை பெய்தால் காலையில் பலகையில் சாப்பாடு வரை மட்டுமே அட்டை வைப்பேன். ஊஞ்சலும் வேனும் ஏற மாட்டா. சீருடைக்குப் பதில் வீட்டுச் சட்டை. சீருடை போட்டுவிட்டால் வேன் கட்டாயம் வரும் என்பது அவனுடைய முடிவு. விடுமுறை உறுதியானதும் அவன் கையைப் பிடித்துப் பலகைக்கு அழைத்துச் சென்று, வேன் அட்டையை ஒட்டி, அதன்மேல் ஆரஞ்சு வட்டத்தை ஒட்டி, கீழே ஊஞ்சல், அதற்கும் கீழே பாட்டியோடு பல்லாங்குழிச் சோழி என்று இரண்டு அட்டைகளை வைப்பேன். ரத்தான காரியத்தின் இடம் ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது. போன கார்த்திகையில் நான்கு மழை விடுமுறைகள் வந்தன. முதல் நாள் இருபது நிமிடம் அழுதான். நான்காம் நாள் வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டு, கீழே இருந்த ஊஞ்சல் அட்டையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான்.

8. தாள்களும் நகல்களும்

இதைத் தொடங்குவதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த அட்டைக்கான விண்ணப்பம் swavlambancard.gov.in தளத்தில் தனியாக நடக்கட்டும். ஆனால் பயிற்சிக்குப் போகும்போதும், உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கும்போதும் அந்த நாற்பது பக்க நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எப்படி இருக்கிறான் என்ற கேள்விக்கு நாம் நினைவிலிருந்து சொல்வதைவிட, ஒன்பது நாள் குளியலில் நின்றது என்ற பக்கம் அவர்களுக்கு அதிகம் உதவும்.

படங்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் வைத்து, கணவரின் கைப்பேசியிலும் ஒரு நகல் வையுங்கள். வேன், ஆரஞ்சு வட்டம், கழிப்பறை அட்டைகள் எப்போதும் இரண்டு தொகுதி இருக்கட்டும், ஏனென்றால் அவைதான் முதலில் தொலையும். இரண்டாவது ஆரஞ்சு வட்டத்தை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, அதை எதற்கு, எந்த வரிசையில் பழக்கியிருக்கிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள். ஜூன் மாதத்தில் ஆசிரியரோ வேனோ மாறினால், பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே புதிய படத்தை எடுத்து, பழைய அட்டையின் பக்கத்தில் ஐந்து நாள் மாட்டி வைத்துவிட்டு, அதன் பிறகு பழையதைக் கழற்றுங்கள்.